பாலில் தண்ணீரா, மஞ்சளில் சாயமா? ஒரே சோதனையை நம்பினால் என்ன ஆகும்

தோட்டத்துக் கொல்லையில் நான்கைந்து மாடுகளைக் கட்டி, விடியற்காலையில் கறந்து, மோட்டார் சைக்கிளில் பால் கொண்டுவருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குபவர்களுக்கு ஒரு சந்தேகமும் விடாமல் இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்திருக்குமோ? ஒரு சொட்டுப் பாலைக் கட்டைவிரல் நகத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். ஓடினால் தண்ணீர், நின்றால் நல்ல பால் என்று தீர்ப்பு. உண்மையில் அந்தச் சொட்டு நிற்பதும் ஓடுவதும் பால் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது, அதில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, நகத்தில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்தது.

உணவுப் பகுப்பாய்வு பாடம் எடுக்கும் மாணவர்கள் பால், மசாலைப் பொடி, எண்ணெய் ஆகிய மூன்றையும் எளிய சோதனைகளால் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். சோதனையைச் செய்வது கடினமில்லை. அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது, எந்தக் கேள்விக்குச் சொல்லவில்லை என்று புரிந்துகொள்வதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அங்கே தவறினால் கலப்படக்காரர் தப்பிவிடுவார். நேர்மையான பால்காரர் மாட்டிக்கொள்வார்.

பால்மானி சொல்வதும் சொல்லாததும்

பாலுக்கு முதல் கருவி லாக்டோமீட்டர், அதாவது பால்மானி. அடியில் கனமான குமிழும் மேலே அளவு குறித்த மெல்லிய தண்டும் கொண்ட கண்ணாடி மிதவை அது. உயரமான ஜாடியில் பாலை ஊற்றி, மிதவையை மெதுவாக இறக்கி, பால் மட்டம் தண்டில் எந்த இடத்தைத் தொடுகிறது என்று படிக்க வேண்டும். 31 என்று காட்டினால், அந்தப் பால் தண்ணீரைவிட ஆயிரத்துக்கு 31 பங்கு கனமானது என்று பொருள். நல்ல பசும்பால் பெரும்பாலும் 28க்கும் 32க்கும் இடையில் இருக்கும். தண்ணீர் சேர்ந்தால் அளவு இறங்கும்.

ஆனால் அந்த அளவு வெப்பத்தோடு சேர்ந்து மாறும். வழக்கமான பால்மானிகளில் ஒரு வகை 15.5 டிகிரி செல்சியசுக்குக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எந்த வெப்பத்துக்கு என்பது தண்டிலேயே அச்சிட்டிருக்கும். நம் ஊரில் அறையில் வைத்த பால் 28 டிகிரியில் இருக்கும். சூடான பால் விரிந்து இலேசாகிறது, மிதவை கூடுதலாக மூழ்குகிறது, அளவு குறைவாகத் தெரிகிறது. இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு டிகிரி கூடுதலுக்கும் ஏறக்குறைய 0.2 சேர்க்க வேண்டும்.

வகுப்பில் போடும் ஒரு கணக்கைப் பார்ப்போம். பாலின் வெப்பம் 28 டிகிரி, மிதவை காட்டியது 28.5, தனியாக அளந்த கொழுப்பு 4 விழுக்காடு. இனிக் கண்டுபிடிக்க வேண்டியது, கொழுப்பையும் நீரையும் விட்டுவிட்டு மீதியிருக்கும் புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள் எவ்வளவு என்பது. இதைக் கொழுப்பில்லாத் திடப்பொருள் என்பார்கள். அதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: பால்மானி அளவை 4ஆல் வகுத்து, கொழுப்பின் அளவை 0.2ஆல் பெருக்கிக் கூட்டி, அதோடு 0.14 சேர்க்க வேண்டும்.

அவசரப்பட்ட மாணவர் 28.5ஐ அப்படியே போடுகிறார். 7.13, 0.8, 0.14 மூன்றையும் கூட்டினால் 8.07. மலேசியாவின் 1985ஆம் ஆண்டு உணவு ஒழுங்குமுறைகளின்படி பாலில் கொழுப்பு 3.25 விழுக்காட்டுக்கும், கொழுப்பில்லாத் திடப்பொருள் 8.5 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. 8.07 என்றால் நூற்றுக்கு 5 பங்கு தண்ணீர் சேர்ந்தது போலத் தோன்றும். மாணவர் அறிக்கையில் "நீர் கலப்பு" என்று எழுதிவிடுகிறார்.

இப்போது வெப்பத்தைக் கணக்கில் எடுப்போம். 28க்கும் 15.5க்கும் வித்தியாசம் 12.5 டிகிரி. அதை 0.2ஆல் பெருக்கினால் 2.5. சரியான அளவு 31. சூத்திரத்தில் போட்டால் 8.69 வருகிறது. பால் தரத்தைத் தாண்டி நிற்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்காத பாலைக் கலப்படப் பால் ஆக்கியது ஒரு வெப்பமானியைப் பார்க்காத குறை மட்டும்தான். வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது இந்தத் திருத்தமும் தோராயம்தான். ஆகவே நல்ல ஆய்வுக்கூடத்தில் பாலை முதலில் குளிர்வித்து, கருவிக்குரிய வெப்பத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்த பிறகே அளப்பார்கள்.

பால்காரருக்கு அநியாயம் நடக்க இன்னொரு வழியும் உண்டு. கறந்த சூட்டோடு அளப்பது. அப்போது பாலில் நுரையும் நுண்ணிய காற்றும் இருக்கும், கொழுப்பும் முழுதாக உறைந்திருக்காது. அளவு குறைவாகத்தான் காட்டும். சில மணி நேரம் கழித்து, நுரை எழாமல் மெதுவாகக் கலக்கி அளக்க வேண்டும்.

இனி மறுபக்கம். ஒருவர் உண்மையிலேயே ஏமாற்ற நினைத்தால் பால்மானியை ஏமாற்ற முடியுமா? முடியும், அதுவும் எளிதாக. தண்ணீரைவிடக் கொழுப்பு இலேசானது, மற்ற திடப்பொருள் கனமானது. ஆகவே ஏட்டை எடுத்துவிட்டால் பால் கனமாகி அளவு ஏறும். தண்ணீர் ஊற்றினால் இறங்கும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் அளவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

மேலே பார்த்த அதே பாலில் ஏட்டை எடுத்து, கொழுப்பை 4லிருந்து 2.8 விழுக்காட்டுக்கு இறக்கினால் பால்மானி ஏறக்குறைய 32.4 காட்டும். அந்தப் பால் ஒவ்வொரு 100 பங்குக்கும் 5 பங்கு தண்ணீர் ஊற்றினால் 30.9க்கு இறங்கும். முதலில் இருந்தது 31. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஏடும் போயிற்று, தண்ணீரும் சேர்ந்தது, கருவி மட்டும் "நல்ல பால்" என்கிறது.

இந்த இடத்தில்தான் இரண்டாவது கேள்வி தேவைப்படுகிறது: கொழுப்பு எவ்வளவு? அதற்கு கெர்பர் சோதனை இருக்கிறது. நீண்ட கழுத்துள்ள ஒரு சிறப்புக் குப்பியில் 10 மில்லிலிட்டர் அடர் கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லிலிட்டர் பால், பிறகு 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹால் விட்டு, மூடிக் குலுக்கி, சுழல் இயந்திரத்தில் சில நிமிடம் சுற்றி, 65 டிகிரி நீரில் நிறுத்துவார்கள். அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, கொழுப்பு மட்டும் தெளிந்த மஞ்சள் தூணாகக் கழுத்தில் ஏறி நிற்கும். அதன் உயரமே விழுக்காடு. குப்பி கை சுடுமளவு கொதிக்கும், அமிலம் தெறித்தால் கண் போய்விடும். வீட்டில் செய்யவே கூடாத சோதனை இது.

நம் ஏமாற்றுப் பாலை இதில் போட்டால் கொழுப்பு 2.67 என்று வரும். 3.25க்குக் கீழே. சூத்திரத்தில் 30.9ஐயும் 2.67ஐயும் சேர்த்துப் போட்டால் கொழுப்பில்லாத் திடப்பொருள் 8.4தான். அதுவும் 8.5க்குக் கீழே. பால்மானி தனியாகச் சொன்ன பொய், கொழுப்பளவு பக்கத்தில் வந்ததும் வெளிப்பட்டுவிட்டது.

தண்ணீர் ஊற்றிவிட்டு அளவை ஏற்ற மாவோ சீனியோ சேர்ப்பதும் பழைய தந்திரம். மாவைப் பிடிப்பது எளிது. சிறிது பாலைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறிய பிறகு இரண்டு சொட்டு அயோடின் கரைசல் விட்டால், மாவு இருந்தால் நீலமாகும். ஆறவைக்காமல் விட்டால் நிறம் தோன்றாது. சூட்டில் அந்த நீலம் மறைந்துவிடும் என்பதை மறந்து "மாவு இல்லை" என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருப்பார்கள்.

எல்லாச் சோதனையும் குறைவு என்றே சொன்னாலும்கூட, பால்காரர் தவறு செய்யவில்லை என்று இருக்கலாம். ஒரே ஒரு மாட்டின் பால், தீவனக் குறைவாலோ மடிநோயாலோ, இயற்கையாகவே 8.5க்குக் கீழே போவதுண்டு. அதனால் பால் பரிசோதனையில் ஒரு பழைய முறை இருக்கிறது. பொறுப்பானவர் ஒருவர் தொழுவத்துக்கே போய், கண்முன் கறந்த பாலை எடுத்து, அதையும் அளந்து ஒப்பிட வேண்டும். தொழுவத்துப் பாலும் அதே அளவு காட்டினால் குறை மாட்டுத் தீவனத்தில். காட்டாவிட்டால் வழியில் ஏதோ நடந்திருக்கிறது.

ஒரே எண்ணை நம்பியதால் எவ்வளவு பெரிய கேடு வரும் என்பதை 2008இல் சீனா கண்டது. அங்கே பாலின் புரதத்தை நேரடியாக அளக்காமல், அதிலுள்ள நைட்ரஜனை அளந்து புரதம் இவ்வளவு என்று கணித்தார்கள். தண்ணீர் ஊற்றிய பாலில் மெலமைன் என்னும் பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருளைச் சேர்த்தால் நைட்ரஜன் ஏறிவிடும். புரதத்தில் நைட்ரஜன் ஏறக்குறைய 16 விழுக்காடு, மெலமைனில் 66 விழுக்காடு. சோதனை ஏமாந்தது. அந்தப் பால் மாவைக் குடித்த ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன, 6 குழந்தைகள் இறந்தன. சோதனை செய்யவில்லை என்பதல்ல அங்கே குறை. செய்த சோதனை வேறு கேள்விக்குப் பதில் சொன்னது.

மஞ்சள் பொடி: தண்ணீரில் தெரியாத நஞ்சு

மஞ்சள் பொடியை ஒரு குவளைத் தண்ணீரில் தூவிப் பார்க்கும் காணொளிகள் கைப்பேசியில் நிறையச் சுற்றுகின்றன. நல்ல பொடி அடியில் படியும், தண்ணீர் இளமஞ்சளாக இருக்கும். சாயம் கலந்திருந்தால் தண்ணீர் அடர்த்தியான மஞ்சளாகும். தண்ணீரில் கரையும் சாயத்துக்கு இது ஓரளவு சரி.

மஞ்சளில் கலக்கும் பொருள்களிலேயே மோசமானது லெட் குரோமேட் என்னும் ஈயச் சாயம். சாலைக் கோடுகளுக்கு அடிக்கும் மஞ்சள் வண்ணத்தில் சேர்ப்பார்களே, அதே பொருள். அது தண்ணீரில் கரையாது. பொடியோடு பொடியாக அடியில் படிந்துவிடும், தண்ணீரும் இளமஞ்சளாகவே இருக்கும். அதாவது, எது குழந்தையின் மூளையைப் பாதிக்குமோ அதற்கு இந்தக் குவளைச் சோதனை நற்சான்று கொடுத்துவிடும். கொதிக்கவைத்தாலும் ஈயம் போகாது.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு சாயங்களுக்கும் தனித்தனி வழி. மெட்டனில் மஞ்சள் என்னும் சாயத்துக்கு, கால் தேக்கரண்டிப் பொடியை 3 மில்லிலிட்டர் ஆல்கஹாலில் குலுக்கி, சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவார்கள். இளஞ்சிவப்பு வந்தால் சந்தேகம். இங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. அடர் அமிலம் பட்டால் சுத்தமான மஞ்சளும் சிவக்கும். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். மஞ்சளின் சொந்தச் சிவப்பு மறைந்து மஞ்சளாகத் திரும்பும், சாயத்தின் இளஞ்சிவப்பு நிற்கும். இந்த இரண்டாவது அடியை விட்டவர் கடைத்தெருவில் உள்ள எல்லா மஞ்சளையும் கலப்படம் என்று சொல்லிவிடுவார்.

ஈயச் சாயத்துக்கு, பொடியை முழுதாகச் சாம்பலாக எரித்து, ஒரு பங்கு கந்தக அமிலத்துக்கு ஏழு பங்கு தண்ணீர் சேர்த்த கரைசலில் கரைத்து வடிகட்டி, டைபினைல்கார்பசைட் என்னும் கரைசலில் ஒன்றிரண்டு சொட்டு விடுவார்கள். இளஞ்சிவப்பு வந்தால் லெட் குரோமேட் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். உற்றுக் கவனித்தால், இந்தச் சோதனை ஈயத்தைப் பார்க்கவே இல்லை, ஈயத்தோடு வந்த குரோமியத்தைப் பார்க்கிறது. வேறு வழியாக, மண்ணிலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ, ஈயம் சேர்ந்திருந்தால் நிறம் வராது. ஈயத்தின் உண்மையான அளவுக்கு அணு உறிஞ்சல் கருவி போன்ற பெரிய கருவிகள் வேண்டும்.

இப்படி ஒரு நாடே ஏமாந்து, பிறகு விழித்துக்கொண்ட கதை வங்காளதேசத்தில் நடந்தது. 1980களில் வெள்ளத்தில் நனைந்து மங்கிய மஞ்சள் கிழங்குக்கு நிறம் ஏற்ற ஈயச் சாயம் பூசத் தொடங்கியவர்கள், வெள்ளம் வடிந்த பிறகும் நிறுத்தவில்லை. ஆய்வாளர்கள் இதை வெளிக்கொணர்ந்ததும் 2019இல் அரசு இறங்கியது. எக்ஸ்ரே முறையில் ஈயத்தைக் காட்டும் கைக்கருவியோடு அதிகாரிகள் மொத்தச் சந்தைக்குப் போய், பிடிபட்ட வணிகர்களுக்கு அந்த இடத்திலேயே அபராதம் போட்டார்கள். 2019இல் சந்தை மாதிரிகளில் 47 விழுக்காட்டில் ஈயம் தென்பட்டது. 2021இல் ஒன்றில்கூட இல்லை. குரோமியத்தைக் கேட்காமல் ஈயத்தையே கேட்ட கருவி அது.

முழுக் கிழங்காக வாங்கி, கழுவிக் காயவைத்து அரைப்பவர்களுக்கு ஒரு வசதி: மேலே பூசிய சாயம் கழுவும்போது கையிலும் தண்ணீரிலும் பளீரென்று ஒட்டும். மிதமிஞ்சிப் பளபளக்கும் கிழங்கை விட்டுவிட்டு மங்கியதை எடுப்பது நல்லது.

நல்லெண்ணெயும் ஒரு கிண்டலான சோதனையும்

நல்லெண்ணெய்க்குப் பாடத்தில் பெயர்பெற்ற சோதனை பாடுவான் சோதனை. எண்ணெயும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சம அளவு எடுத்து, பர்பியூரால் என்னும் கரைசலில் சில சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் குலுக்கி நிறுத்தினால், கீழே படியும் அமிலம் சிவக்கும். எள்ளில் மட்டும் இருக்கும் ஒரு பொருளால் வரும் நிறம் அது. சிவந்ததும் மாணவர் "சுத்தமான நல்லெண்ணெய்" என்று எழுதுகிறார்.

அதுதான் தவறு. சிவப்பு சொல்வது "இதில் நல்லெண்ணெய் இருக்கிறது" என்பதை மட்டுமே. "இதில் வேறெதுவும் இல்லை" என்று அது சொல்லவில்லை. பாதிக்கு மேல் செம்பனை எண்ணெய் ஊற்றியிருந்தாலும் சிவக்கும். உண்மையில் இந்தச் சோதனையின் பெரும் பயனே தலைகீழானது. இந்தியாவில் வனஸ்பதி தயாரிப்பவர்கள் அதில் 5 விழுக்காடு நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். யாராவது அந்த வனஸ்பதியை நெய்யில் கலந்தால், நெய் இந்தச் சோதனையில் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

நம் நாட்டில் மலிவாகக் கிடைப்பது செம்பனை எண்ணெய். அதைக் கண்டுபிடிக்க அமிலம் எதுவும் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டி போதும். ஒரே அளவான மூன்று கண்ணாடிக் குப்பிகளில், நம்பகமான இடத்தில் ஆட்டி வாங்கிய நல்லெண்ணெய், சாதாரணச் சமையல் செம்பனை எண்ணெய், சந்தேகத்துக்குரிய எண்ணெய் மூன்றையும் தனித்தனியாக ஊற்றி, மூடி, பெட்டியின் கீழ்த்தட்டில் ஓர் இரவு வைக்க வேண்டும். செம்பனை எண்ணெய் கலங்கி வெண்ணிறமாகக் கட்டிப்படும். நல்லெண்ணெய் ஓடும் நிலையிலேயே இருக்கும். சந்தேக எண்ணெய் இரண்டில் எதைப் போலிருக்கிறது என்று பார்க்கலாம். ஒப்பிட மற்ற இரண்டு குப்பிகள் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. சுத்திகரிக்காத நல்லெண்ணெயிலும் குளிரில் இலேசான மங்கல் வருவதுண்டு.

இதற்கும் எல்லை உண்டு. சிறிதளவு கலந்திருந்தால் தெரியாமல் போகலாம். சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் குளிரில் கலங்கவே கலங்காது. ஆய்வுக்கூடத்தில் அயோடின் எண் என்று ஒன்றை அளப்பார்கள். நல்லெண்ணெய்க்கு அது ஏறக்குறைய 110, செம்பனைக்கு 58, சோயாவுக்கு 130. செம்பனை கலந்தால் எண் இறங்கும், மாட்டிக்கொள்ளும். ஆனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செம்பனையும் மீதி சோயாவும் சேர்த்தால், ஒரு சொட்டு எள் இல்லாமலேயே 110 வந்துவிடும். பாலில் ஏடும் தண்ணீரும் செய்த அதே வேலை. ஆனால் அந்தக் கலவை பாடுவான் சோதனையில் சிவக்காது. அங்கே ஏமாற்றிய சோதனை இங்கே பிடித்துக் கொடுக்கிறது.

கடையில் மலிவாகக் கிடைக்கும் சில விளக்கு எண்ணெய்ப் புட்டிகளில் விளக்கேற்ற மட்டும் என்று எழுதியிருக்கும். அது கலப்படம் அல்ல, வெளிப்படையாகச் சொல்லி விற்பது. சமையலறையில் நல்லெண்ணெய்ப் புட்டி பக்கத்திலேயே அது இருந்தால்தான் வில்லங்கம்.

வீட்டுச் சோதனையில் சந்தேகம் வந்தால், எண்ணெயையோ பொடியையோ கொட்டிவிட வேண்டாம். கடைக்காரரிடம் சண்டைக்கும் போக வேண்டாம். மீதியைப் பொட்டலத்தோடு மூடி வைத்து, வாங்கிய ரசீதையும், பொட்டலத்தில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணையும், முடிந்தால் அதே தொகுதியில் பிரிக்காத இன்னொரு பொட்டலத்தையும் வைத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் செய்யலாம். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்க, அதிகாரிகள் தாங்களே கடையில் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். பிரித்த பொட்டலத்தில் பிறகு என்ன சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், தொகுதி எண் தெளிவாகத் தெரியும் அந்தப் பிரிக்காத பொட்டலமே அவர்களுக்கு அதிகம் உதவும்.